ஒரு போர்ட்டும் எட்டு போர்ட்டும்

வீட்டு மெஷின்களை வெளியிலிருந்து திறக்க, எட்டு போர்ட்டுக்குப் பதில் வயர்கார்டு விபிஎன் போதும் என்றேன். அதற்கு ஓர் அண்ணன் கேட்டார்: "வயர்கார்டுக்கும் போர்ட் திறக்கத்தானே வேண்டும்? எட்டு போர்ட் திறப்பதும் அதுவும் ஒன்றுதான்."

திறக்க வேண்டும், அது சரி அண்ணே. ஆனால் ஒரே ஒரு யூடிபி போர்ட், வழக்கமாக 51820. சாவி இல்லாதவர் தட்டினால் அது பதிலே சொல்லாது. நீங்கள் திறந்த 8006-ஓ ப்ராக்ஸ்மாக்ஸின் லாகின் பக்கத்தையே ஊருக்கெல்லாம் காட்டும்.

பினாங்கில் என் வீட்டு விர்ச்சுவல் மெஷின்களுக்கு லேப்டாப்பின் வயர்கார்டு அமைப்பில் இந்த வரிதான்:

```
AllowedIPs = 192.168.50.0/24
```

முன்பு 192.168.1.0/24 என்று இருந்தது. கோப்பிக் கடை வைஃபையும் அதே எண். ஹேண்ட்ஷேக் ஆனது, ஆனால் எந்த மெஷினும் திறக்கவில்லை. லேப்டாப் அவற்றைக் கடைக்குள்ளேயே தேடிக்கொண்டிருந்தது! வீட்டு நெட்வொர்க்கின் எண்ணை மாற்றிய பிறகே சரியானது.

வெளியிலிருந்து இணைப்பே கிடைக்கவில்லை என்ற கோலாலம்பூர் தம்பி, உங்கள் சிக்கல் வேறு. ரவுட்டரின் WAN முகவரி 100.64 என்று தொடங்கினால் அது இணைய நிறுவனத்தின் உள் முகவரி; வெளியிலிருந்து இந்த ஒரு போர்ட்டும் எட்டாது.