போர்வைக்குள் பயிற்சி எடுத்தால் ஆப் என்ன செய்யும்?

அக்கா மகள் எம்.எஸ்சி. தாவரவியல் முதலாண்டு படிக்கிறாள். பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ்வழி. போன மாதம் ஒருநாள் இரவு பதினோரு மணிக்கு வாட்ஸ்அப்பில் ஒரு ஸ்கிரீன்ஷாட் அனுப்பினாள். ஏதோ ஓர் உச்சரிப்புப் பயிற்சி ஆப். `guard` என்ற சொல் முழுக்கச் சிவப்பில் இருந்தது, பக்கத்தில் 41 சதவீதம். கீழே ஒரு வரி: "சித்தி, எனக்கு இது வராது. செமினாரை வேற யாருக்காவது மாத்திவிடச் சொல்லி மேடம்கிட்ட கேட்கப் போறேன்."

இலைத்துளைகள் எப்படித் திறந்து மூடுகின்றன என்பதுதான் அவளுக்குக் கொடுத்திருந்த தலைப்பு. பத்து நிமிடம், அதற்குப் பிறகு கேள்விகள். இலைத்துளையைப் பற்றிப் பேச வந்துவிட்டு, அதைத் திறந்து மூடும் காப்பு செல்களை, அதாவது `guard cells`-ஐ, சொல்லாமல் இருக்க முடியாது. கணக்கு போட்டுப் பார்த்தால் அந்தச் சொல் இருபது தடவையாவது வரும். இருபது தடவை சிவப்பு என்றால் யாருக்குத்தான் பயம் வராது?

நான் கல்லூரியில் ஆங்கிலம் சொல்லிக் கொடுக்கிறவள். மொழி ஆய்வகத்தில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளைப் பல வருடமாகப் பார்க்கிறேன். அதனால் அவளிடம் முதலில் கேட்டது, "எங்கே உட்கார்ந்து பேசினே?" என்றுதான். ஹாஸ்டலில் ஒரு அறைக்கு நான்கு பேர். மற்றவர்கள் தூங்கிய பிறகு போர்வையைத் தலைக்கு மேல் இழுத்துப் போட்டுக்கொண்டு, போனை வாயருகே வைத்து, கிசுகிசுவென்று.

விஷயம் அங்கேதான் இருக்கிறது. `guard`, `card` இரண்டையும் தமிழில் எழுதினால் ஒரே 'கார்டு'தான். சொல்லுக்கு முதலில் வரும் ககரத்தை நாம் வல்லோசையாகத்தான் சொல்லிப் பழகியிருக்கிறோம். 'கடல்' என்னும்போது வருகிற ஓசை அது. 'தங்கம்' என்பதில் வருகிற மெல்லிய ககரம்தான் ஆங்கிலத்தின் `g`. அது நம் வாயில் இல்லாத ஓசை இல்லை, அதைச் சொல்லின் முதலில் வைக்கும் பழக்கம்தான் இல்லை. இரண்டுக்கும் நாக்கு போகிற இடம் ஒன்றே. வித்தியாசம் தொண்டையில். `g` சொல்லும்போது குரல் நாண்கள் அதிர ஆரம்பித்துவிடும், `k` சொல்லும்போது அடுத்த உயிரெழுத்து வரும்வரை அதிராது. கிசுகிசுப்பு என்றால் என்ன? குரல் நாண்களை அதிரவிடாமல் வெறும் காற்றில் பேசுவது. ஆக, கிசுகிசுத்தால் இந்த இரண்டுக்கும் உள்ள முக்கியமான வித்தியாசமே போய்விடுகிறது. `b`-யும் `p`-யும், `d`-யும் `t`-யும், `z`-ம் `s`-ம் அதே கதைதான்.

அந்த ஆப் பாவம், தன்னிடம் வந்த ஒலியைத் தன்னிடம் இருக்கும் மாதிரியோடு ஒப்பிட்டு எவ்வளவு பொருந்துகிறது என்று எண்ணாகச் சொல்கிறது. இவள் கூச்சப்பட்டுக் குரலை மறைக்கிறாள் என்பது அதற்குத் தெரியாது. நாக்கு சரியாக வேலை செய்தாலும் சிவப்புதான் காட்டும். கூச்சமுள்ள பிள்ளைக்கு ஆப்தான் நல்லது, யாரும் சிரிக்க மாட்டார்கள் என்று எல்லோரும் சொல்கிறோம். நானும் சொல்லியிருக்கிறேன். அதில் பாதிதான் உண்மை. யாருக்கும் கேட்காமல் பேசக் கற்றுக்கொடுத்துவிட்டு, கேட்கவில்லை என்று மதிப்பெண்ணையும் குறைக்கும்.

மறுநாள் காலை மொட்டை மாடிக்குப் போகச் சொன்னேன். தொண்டையில் இரண்டு விரலை வைத்துக்கொண்டு 'தங்கம்' என்று சொல்லச் சொன்னேன், அப்புறம் அந்தக் ககரத்தை மட்டும் பிடித்துக்கொண்டு `guard`. விரலில் அதிர்வு தெரிய வேண்டும். தெரிந்தது. பிறகு போனின் குரல்வழித் தட்டச்சை ஆங்கிலத்தில் வைத்து அந்த ஒரு சொல்லை மட்டும் சொன்னாள். முதல் இரண்டு முறை `card` என்று வந்தது, மூன்றாவது `guard`. பத்துக்கு எட்டு முறை சரியாக வரும்வரை விடாதே என்றேன். கால் மணி நேரம்கூட ஆகவில்லை.

இந்தக் குரல்வழித் தட்டச்சுதான் என்னைக் கேட்டால் மிக நேர்மையான இலவச ஆப். ஆனால் ஒரு சங்கதி உண்டு. முழு வாக்கியமாகச் சொன்னால் அது முன்பின் சொற்களைப் பார்த்து ஊகித்துவிடும். இலைத்துளை, செல் என்றெல்லாம் பேசிவிட்டு நீங்கள் `card` என்றாலும் அது `guard` என்றே எழுதக்கூடும். நமக்கோ சரியாகச் சொன்னதாக நினைப்பு. அதனால் சந்தேகமான சொல்லைத் தனியாகச் சொல்லித்தான் சோதிக்க வேண்டும்.

அடுத்தது அழுத்தம். தமிழில் குறில் நெடில் மாறினால் சொல்லே மாறிவிடும். படம் வேறு, பாடம் வேறு. ஆங்கிலத்தில் அந்த வேலையில் பெரும்பங்கை அசை அழுத்தம் செய்கிறது. ஓர் அசை ஓங்கி நீளும், மற்றவை சுருங்கும். நாம் எல்லா அசைக்கும் ஒரே எடை கொடுத்து வாசித்துவிடுகிறோம். ஒளிச்சேர்க்கைக்கு ஆங்கிலத்தில் ஃபோட்டோசிந்தெசிஸ், அழுத்தம் 'சின்'னில். அதுவே ஃபோட்டோசிந்தெட்டிக் என்றானால் அழுத்தம் நகர்ந்து 'தெட்'டில் உட்காரும். `-ic` என்று முடியும் சொற்களில் பெரும்பாலும் அதற்கு முந்தைய அசையில்தான் அழுத்தம். `-tion`-க்கும் அப்படித்தான். நீராவிப்போக்கு, அதாவது டிரான்ஸ்பிரேஷன், 'ரே'யில் விழும். இந்த ஒரு விதியே அவள் எழுதிவைத்திருந்த சொற்களில் ஏழெட்டைச் சரிசெய்துவிட்டது.

ஆப்புக்குள் இருக்கும் ஏர்போர்ட், ரெஸ்டாரண்ட் பாடங்களை அவளைத் தொடவே விடவில்லை. அவளுக்கு வேண்டியது அவளுடைய பேச்சில் வரும் பதினைந்து சொற்கள்தான். அதற்கு `youglish.com` போதும். சொல்லைத் தட்டினால் யூடியூபில் யாராவது அதைச் சொல்லும் இடத்திலிருந்தே காணொளி ஓடும். வகுப்பறையில் ஆசிரியர்கள் பேச்சோடு பேச்சாகச் சொல்வதைக் கேட்கலாம், அகராதிக் குரல் மாதிரி தனியாக நிற்காது. இலைத்துளைகளுக்கான `stomata`-வைக் கேட்டுவிட்டுக் குழம்பிப் போனாள். ஒருவர் முதல் அசையில் அழுத்துகிறார், இன்னொருவர் நடு அசையில். இரண்டும் வழக்கில் உள்ளவைதான். உன் மேடம் எப்படிச் சொல்கிறாரோ அப்படியே சொல் என்றேன். பேச்சைக் கேட்கப் போவது அவரும் நாற்பது தமிழ்ப் பிள்ளைகளும். அமெரிக்கர்போல எத்தனை சதவீதம் பேசுகிறாய் என்ற எண்ணை வைத்து அந்த அறையில் என்ன செய்வது? (அந்த எண்ணைப் பார்க்க ஏழு நாள் இலவசம் என்று சொல்லி யுபிஐ ஆட்டோபேவுக்கு அனுமதி கேட்பார்கள். கொடுத்துவிட்டு மறந்துவிடாதீர்கள்.)

சொற்கள் ஓரளவு வழிக்கு வந்தபின் முழுப் பேச்சையும் ஓட்டிப் பார்த்தோம். பவர்பாயிண்டிலேயே `Rehearse with Coach` என்று ஒன்று இருக்கிறது. ஸ்லைடைப் போட்டுக்கொண்டு பேசினால் வேகம், இட்டுநிரப்பும் சொற்கள், ஸ்லைடில் இருப்பதையே வாசிக்கிறோமா என்பதையெல்லாம் முடிவில் சொல்லும். அவள் எழுதிவைத்திருந்தது 1,300 சொற்கள். ஏழு நிமிடத்தில் முடித்துவிட்டாள். நிமிடத்துக்கு 185 சொல்லுக்கு மேல். வேகம் அதிகம் என்று வந்தது. உடனே என்ன செய்தாள் தெரியுமா? ஒவ்வொரு சொல்லையும் ரப்பர்போல இழுத்தாள். எண் குறைந்தது, கேட்க முடியவில்லை.

அந்த எண் சராசரி. மொத்தச் சொற்களை மொத்த நேரத்தால் வகுப்பது. நின்ற நேரமும் அதில் சேரும். அவள் பேச்சில் சுமார் 80 வாக்கியங்கள். ஒவ்வொன்றின் முடிவிலும் இரண்டு நொடி நின்றால் 160 நொடி, அதாவது இரண்டு நிமிடம் நாற்பது நொடி. ஏழோடு கூட்டினால் ஒன்பது நிமிடம் நாற்பது நொடி. வேகம் 134-க்கு இறங்கிவிடும், ஒரு சொல்லைக்கூட இழுக்க வேண்டாம். தாளில் ஒவ்வொரு வாக்கியத்தின் முடிவிலும் சிவப்புப் பேனாவால் இரண்டு கோடு போடச் சொன்னேன். அந்த இடத்தில் வாயை மூடி மூக்கால் மூச்சு எடுக்க வேண்டும். வாயை மூடினால் இன்னொரு லாபம், 'அது வந்து' வராது.

இந்த 'அது வந்து' விஷயத்தில் ஆப்பை நம்பக்கூடாது. ஆங்கிலத்தின் 'அம்', 'அஹ்' எல்லாம் அதற்குத் தெரியும். நம் பிள்ளைகள் இட்டு நிரப்புவது 'வந்து', 'என்னன்னா', வாக்கியத்துக்கு வாக்கியம் ஒரு 'ஓகேவா'. ஆங்கிலத்துக்குப் பழக்கிய ஆப் இவற்றை விட்டுவிடும், இல்லையென்றால் வேறு ஏதோ சொல்லாக எழுதிக்கொள்ளும். அவளுடைய அறிக்கையில் இட்டுநிரப்பும் சொற்கள் ஒன்றே ஒன்று. நான் பதிவைக் கேட்டு எண்ணியதில் 23.

கடைசி மூன்று நாளும் ஆப்பே வேண்டாம் என்றேன். ஆப்பின் காது வாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில் இருக்கிறது. கடைசி பெஞ்சில் இருப்பவனின் காது முப்பது அடி தள்ளி, நடுவில் மூன்று மின்விசிறிகள். சாயங்காலம் வகுப்பு முடிந்ததும் போனில் ரெக்கார்டரை ஓடவிட்டுக் கடைசி பெஞ்சில் வைத்துவிட்டு, மேடையிலிருந்து பேசச் சொன்னேன். முதல் நாள் பதிவில் ஃபேன் சத்தம்தான் இருந்தது. ஒவ்வொரு வாக்கியமும் நன்றாக ஆரம்பித்துக் கடைசி மூன்று சொல்லில் அமுங்கிப்போனது. கூச்சமுள்ளவர்கள் பலருக்கும் இது உண்டு. முக்கியமான சொல் பெரும்பாலும் வாக்கியத்தின் கடைசியில் இருப்பதுதான் சிக்கல். இரண்டாம் நாள் தோழி ஒருத்தியைக் கடைசி பெஞ்சில் உட்காரவைத்தோம். வாக்கியத்தின் கடைசிச் சொல் கேட்காத போதெல்லாம் அவள் கையைத் தூக்க வேண்டும், அவ்வளவுதான் வேலை. பதினெட்டு தடவை தூக்கினாளாம். மூன்றாம் நாள் நான்கு.

செமினார் நடந்தது. ஒன்பதரை நிமிடம். நண்பகலில் இலைத்துளை ஏன் மூடிக்கொள்கிறது என்று மேடம் கேட்டிருக்கிறார். ஒரு 'அது வந்து' போட்டுவிட்டு, நீர் இழப்பு, அப்சிசிக் அமிலம், பொட்டாசியம் வெளியேறுவது, காப்பு செல் துவண்டுபோவது என்று தமிழும் ஆங்கிலமும் கலந்து சொல்லி முடித்தாளாம். `guard` ஒரு தடவை `card` ஆகிவிட்டது, யாரும் கவனிக்கவில்லை என்கிறாள்.

அடுத்த தலைப்பு சவ்வூடு பரவல். நேற்று கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பதிவு வந்தது. ஆஸ்மோசிஸில் அழுத்தம் 'மோ'வில் சரியாக விழுகிறது. அந்த மூன்றாவது ஃபேனுக்கு யாராவது எண்ணெய் போட்டால் தேவலை.