ஆமாம், ஒன்பது மணி நேரம் தூங்கினேன்

சனிக்கிழமை நான் போட்ட படத்துக்குக் கீழே நடந்த கூத்தைப் பார்த்திருப்பீர்கள். ஒரு கட்டில், ஒரு ஜன்னல், கழற்றிப் போட்ட என் செருப்பு. படத்தில் இருந்தது அவ்வளவுதான். மகனை என் கணவரிடம் விட்டுவிட்டு, இரண்டு இரவு ஓய்வெடுக்க நான் போய்த் தங்கிய அறை அது. அந்தப் படத்துக்கு ஒரு அக்கா எழுதியது: "அந்தப் பிள்ளையை விட்டுட்டுத் தூங்க எப்படிம்மா மனசு வருது?" அதற்கு லைக் வேறு, வரிசையாக.

மனசு வரவில்லை அக்கா. உடம்பு கேட்டது, போனேன்.

என் மகனுக்கு ஒன்பது வயது. ஆட்டிசம். பேச்சு இல்லை, பட அட்டைகளைக் காட்டித்தான் கேட்பான். பதினொரு மணிக்குத் தூங்கி மூன்று மணிக்கு எழுந்துவிடுவான். எழுந்தால் நேராக வாசல் தாழ்ப்பாளுக்குப் போவான். அதனால் தூக்கத்திலும் என் காது அந்தத் தாழ்ப்பாளிலேயே இருக்கும். இது ஒரு நாள் கதை இல்லை, ஆறு வருடமாக இப்படித்தான்.

"எல்லா அம்மாவுக்கும் அலுப்பு இருக்கு" என்கிறார்கள். இருக்கிறது, சரி. உங்கள் பிள்ளை வளர வளர உங்களுக்குத் தூக்கம் திரும்பி வந்தது. எனக்கு வரவில்லை. அதற்கு மேல் அந்தப் பேச்சுக்குப் பதில் கிடையாது.

நான் சொல்ல வந்தது வேறு. ஓய்வு பிள்ளையிடமிருந்து திருடிய நேரம் இல்லை. அவனைப் பார்த்துக்கொள்வதில் அதுவும் ஒரு வேலை. எப்படி என்று சொல்கிறேன். அவனுக்கு எல்லாம் தாங்க முடியாமல் போய் மெல்ட்டவுன் வருவதற்குப் பத்து நிமிடம் முன்னாலேயே அடையாளம் தெரியும். இடது காதைத் தேய்ப்பான், முனகல் கொஞ்சம் கொஞ்சமாக மேலே ஏறும். அப்போதே விளக்கைக் குறைத்து, காதடைப்பை மாட்டி, எதுவும் பேசாமல் பக்கத்தில் உட்கார்ந்தால் பெரும்பாலும் அடங்கிவிடும். போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, மூன்று இரவு தூங்காத கண்ணோடு துணி மடித்துக்கொண்டிருந்தேன். மூன்று தடவை காதைத் தேய்த்தான். பார்த்தேன், ஆனால் மண்டையில் ஏறவில்லை. அப்புறம் நாற்பது நிமிடம் தலையைச் சுவரில் மோதினான், தடுத்த என் கையைக் கடித்தான். நான் கத்தினேன். அந்த நிலையில் எந்தச் சொல்லும் அவனுக்குள் போகாது என்று நான்கு பேருக்குப் பாடம் எடுக்கும் நானே கத்தினேன். கடித்த காயம் ஆறிவிட்டது, நான் கத்தியது ஆறவில்லை.

அந்த ராத்திரிதான் நான் இரண்டு இரவு வெளியே போய்த் தங்குவது என்று நானும் கணவரும் முடிவு செய்தோம். திடீரென்று விட்டுவிட்டு ஓடவில்லை. முதலில் அரை மணி நேரம், நான் பக்கத்து அறையில், அவர் மட்டும் அவனோடு. அடுத்த வாரம் இரண்டு மணி நேரம், நான் வெளியே. காது, முனகல், விளக்கு எல்லாம் ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டினேன். அவனுக்குத் தெரியாமல் நழுவவே இல்லை. அப்படிப் போனால் அடுத்த தடவை நான் குளிக்கப் போனாலும் நம்ப மாட்டான். இரண்டு இரவுப் படம், அதற்கு அடுத்து என் முகம், சுவரில் வரிசையாக. ஒவ்வொரு காலையும் அவனே ஒரு இரவை உரித்தெடுப்பான்.

முதல் இரவு ஓய்வே கிடைக்கவில்லை. மூன்று மணிக்குத் தானாக விழித்து, இல்லாத தாழ்ப்பாளைக் கேட்டுக்கொண்டு படுத்திருந்தேன். ஆபத்து இல்லை என்று உடம்புக்குப் புரியவே ஒரு நாள் ஆகிறது. அதனால்தான் "மதியம் அரை மணி நேரம் கண்ணை மூடு" என்கிற ஆலோசனையைக் கேட்டால் எனக்குச் சிரிப்பு வருகிறது. இரண்டாம் இரவுதான் அந்த ஒன்பது மணி நேரம்.

"பார்த்துக்கொள்ள ஆள் இல்லாதவர்கள் என்ன செய்வது?" என்று ஒரு தோழி கேட்டார். நியாயமான கேள்வி. என்னிடம் முழுப் பதில் இல்லை. வீட்டில் இரண்டு பேர் இருந்தால் இரவைப் பாதியாகப் பிரித்து, வேறு அறையில் கதவைச் சாத்தித் தூங்கலாம். தனியாக வளர்ப்பவரிடம் அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆனால் அவர்களுக்கு ஓய்வு கிடைக்கவில்லை என்பதற்காக நானும் தூங்கக் கூடாது என்பது என்ன கணக்கு?

இன்னொன்று. அதே இரண்டு நாள் அவனைப் பார்த்துக்கொண்ட என் கணவருக்கு அதே இடத்தில் "சூப்பர் அப்பா". இரண்டு நாளுக்கு! இத்தனை வருடம் என்னைத் தெய்வம் என்றீர்களே, அது ஏன் என்று இப்போது புரிகிறது. தெய்வம் தூங்காது பாருங்கள்.

திரும்பி வந்தபோது அவன் ஓடி வந்து கட்டிக்கொள்ளவில்லை. சுவரிலிருந்து என் முகத்தைப் பிய்த்து என் கையில் வைத்துவிட்டு, விளையாடப் போய்விட்டான்.

அடுத்து மூன்றாவது சனிக்கிழமை. படமும் போடுவேன் அக்கா, பார்க்கலாம்.