கேரட் தானா குளிச்சுதுன்னு சொன்னா அது கேலிங்க, வாத்தியாரே

ஞாயித்துக்கிழமை நம்ம குரூப்ல நடந்த கூத்தை எல்லாரும் பார்த்தீங்க. இதுவரைக்கும் நாலு பேர் போன் பண்ணி, "ஏம்ப்பா, அந்தப் பெங்களூர்ப் பையனை அப்படியா விரட்டுவ?"ன்னு கேட்டாச்சு. அதனாலதான் எழுதறேன். நான் யாரையும் விரட்டலை. நான் கேலி பண்ணினேன், வாத்தியார் அதை மொழிபெயர்த்தாரு. நடந்தது அவ்வளவுதான்.

கேத்தி பாலாடாவுல ராத்திரி 2 மணிக்கு எனக்குக் கேரட் கழுவுற மெஷின்ல முறை. அந்தப் பெங்களூர்த் தம்பி "நானும் வரேன், மூட்டை கட்ட உதவறேன்"னு சொல்லியிருந்தான். வந்தது காலையில 9 மணிக்கு. அப்ப நான் குரூப்ல போட்டது இது:

"வாங்க தொரை. கேரட்டெல்லாம் தானா குளிச்சு, தானா மூட்டைக்குள்ள போய், தானா லாரி ஏறி மேட்டுப்பாளையம் போயிடுச்சு. போகும்போது உங்களைத்தான் கேட்டுச்சு. இனிமே நீங்க சிரமப்பட வேண்டாம்."

தம்பிக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. அதனால வழக்கம்போல வாத்தியார் இங்கிலீஷ்ல போட்டுக் குடுத்தாரு. அதைத் திருப்பித் தமிழ்ல சொன்னா இப்படி வரும்: "கேரட் ஏற்கெனவே மேட்டுப்பாளையம் போய்விட்டது. இனி நீங்கள் சிரமப்பட்டு வரத் தேவையில்லை." பத்து நிமிஷத்துல தம்பி எனக்கு 500 ரூபாய் ஜிபே பண்ணினான், "நஷ்டத்துக்கு என் பங்கு, மன்னிச்சுக்கோங்க அண்ணா"ன்னு. அப்புறம் குரூப்பை விட்டே போயிட்டான். அந்த 500 ரூபாயைப் பார்த்ததும் எனக்கு எப்படி இருந்திருக்கும்னு யாராவது கேட்டீங்களா?

"வாத்தியார் தப்பா ஒண்ணும் எழுதலையே, நீ சொன்னதைத்தானே சொன்னாரு"ன்னு ஒருத்தர் வாதாடினாரு. இல்லைங்க. அவரு விட்டது எதையெல்லாம்னு பாருங்க. தொரை போச்சு. தானா குளிச்சது போச்சு. கேரட் ஆளை விசாரிச்சது போச்சு. நம்ப முடியாததையெல்லாம் அலங்காரம்னு நினைச்சு கத்தரிச்சிட்டு, நம்பக்கூடியதை மட்டும் எடுத்துக்கிட்டாரு. ஆனா இது விளையாட்டுன்னு சொல்றதே அந்த நம்ப முடியாத பகுதிதான்! அதை எடுத்துட்டா மிச்சம் நிக்கிறது ஒரு ஆபீஸ் நோட்டீஸ்.

இன்னொண்ணு, 'நீங்க'. தம்பியை நான் ஒரு நாளும் 'நீங்க'ன்னு கூப்பிட்டதில்ல. 'டா'தான். அவனுக்குத் தெரிஞ்ச பத்துத் தமிழ் வார்த்தையில அதுவும் ஒண்ணு. 'டா' போடுறவன் திடீர்னு 'வாங்க, நீங்க'ன்னு மரியாதை குடுத்தா நம்ம ஊர்ல சின்னப் பிள்ளைக்கும் தெரியும், ஏதோ வரப்போகுதுன்னு. இந்த மலையில நம்ம தாத்தாக்கள் எஸ்டேட் வெள்ளைக்காரனைப் பயந்துக்கிட்டு 'தொரை'ன்னாங்க. இப்ப லேட்டா வர்றவனுக்கு மட்டும்தான் அந்தப் பட்டம். இங்கிலீஷ்ல நீயும் நீங்களும் ஒண்ணுதான், அந்த வித்தியாசம் தானாவே விழுந்துடும். அப்ப விழுந்ததை வேற இடத்துல எடுத்து வைக்கணும். 'யுவர் மெஜஸ்டி'ன்னு ஆரம்பிச்சு, கேரட்டைக் குளிக்க விட்டு, கடைசி வரியை 'அடுத்த தடவையும் நல்லா தூங்கிட்டு வாங்க'ன்னு முடிச்சிருந்தா தம்பி சிரிச்சிருப்பான். நான் எழுதின கடைசி வரி அப்படியே போகாது, ஒத்துக்கறேன். ஆனா நான் சொன்னது போயிருக்கும்.

இதை எனக்கு யாரும் பாடம் நடத்தல. பட்டுத்தான் தெரிஞ்சுக்கிட்டேன். பத்தொன்பது வயசுல ஊட்டியில டூரிஸ்ட்டுகளோட சுத்திட்டிருந்த காலம். ஒரு வெள்ளைக்கார ஜோடி, கம்பளித் தொப்பிக் கடையில அக்காகிட்ட பேரம் பேசுச்சு. ரெண்டு தடவை குறைச்ச அக்கா மூணாவது தடவை சிரிக்காமலே கேட்டாங்க: "ஏன், இன்னும் பத்து ரூபா குறைச்சு, கடையையும் எழுதிக் குடுத்துடவா?" நான் பெரிய மேதாவி. கடை எழுதுறதெல்லாம் வெறும் பேச்சுன்னு விட்டுட்டு, "இன்னும் பத்து ரூபா குறைக்கிறாங்களாம்"னு சொல்லிட்டேன். அவங்க சந்தோஷமா காசை எண்ணி நீட்ட, அக்கா தொப்பியைப் பிடுங்க, நடுரோட்டுல ஒரே ரகளை. வாத்தியார் ஞாயித்துக்கிழமை பண்ணின அதே தப்பு. அந்த 'குடுத்துடவா'வுல இருக்கிற 'வா' பதில் கேக்குற கேள்வியே இல்லைன்னு அன்னிக்குத்தான் உறைச்சது.

அப்புறம் எனக்குன்னு ஒரு வழக்கம் வந்துச்சு. யாராவது சொன்னதை மாத்திச் சொல்றதுக்கு முன்னாடி, கேக்குறவன் இதை நிஜம்னு எடுத்துக்கிட்டா என்ன செய்வான், அப்படிச் செய்யணும்னு சொன்னவன் ஆசைப்படுறானான்னு யோசிப்பேன். தம்பி வராம இருக்கணும்னு நான் ஆசைப்பட்டேனா? குரூப்ல முந்தின நாள் மெசேஜை மேல தள்ளிப் பார்த்திருந்தாலே போதும். "மறக்காம ஸ்வெட்டர் போட்டுட்டு வாடா"ன்னு நான்தான் எழுதியிருக்கேன். அப்பவும் சந்தேகம்னா என்கிட்ட ஒரு வார்த்தை, "கேலிதானே?"ன்னு கேக்கலாம். பக்கத்துத் தெருதான்.

"சிரிக்கிற பொம்மை போட்டிருக்கலாமே"ன்னு சொல்ற புத்திசாலிகளுக்கு: போட்டேன், ரெண்டு. வாத்தியார் புதுசா டைப் பண்ணினப்ப அது அங்கேயே நின்னுடுச்சு. அப்படியே போயிருந்தாலும், "வரத் தேவையில்லை"க்குப் பின்னாடி சிரிக்கிற பொம்மை வந்தா, அவமானப்படுத்திட்டுச் சிரிக்கிறான்னுதான் தோணும்.

"உனக்கும் இங்கிலீஷ் தெரியுமே, நீயே எழுத வேண்டியதுதானே?" போங்கப்பா.

"உள்ளுக்குள்ள உனக்குக் கோபம் இருந்துச்சு, அதுதான் வெளிய வந்துச்சு"ன்னும் ஒருத்தர். சரி, இருந்துச்சு. ராத்திரி ஒண்ணரை மணிக்குக் குளிர்ல கை விறைச்சு நின்னவனுக்குக் கொஞ்சம் கூடவா இருக்காது? அந்தக் கோபத்தைக் கோபமா காட்டக் கூடாதுன்னுதானே கேரட்டைக் குளிக்க வெச்சேன். கேலின்னா அவன் பதிலுக்கு ஒண்ணு சொல்ல இடம் இருக்கும். "அந்தக் கேரட்டுக்கு என் நம்பர் குடுங்க"ன்னு அவன் சொல்லியிருந்தா முடிஞ்சது கதை. குத்தல்ல அந்த இடம் இருக்காது. வாத்தியார் என் கேலியைக் குத்தலாக்கிக்கூட அனுப்பலை, உத்தரவாக்கி அனுப்பிட்டாரு.

இதுல வேடிக்கை, அவரு தமிழ் வாத்தியார். வஞ்சப்புகழ்ச்சி அணி நடத்துறவரு. தொண்டைமான்கிட்டப் போன ஔவையார், உன் ஆயுதமெல்லாம் பீலி கட்டி, மாலை சூடி, நெய் பூசி எவ்வளவு அழகா இருக்கு, எங்க அதியமானோடது நுனி முறிஞ்சு கொல்லன் பட்டறையில கிடக்குன்னு சொன்னாங்களே, புறநானூறு 95. உன் ஆயுதம் சண்டையே பார்த்ததில்லைன்னு அர்த்தம். அதை எங்க எல்லாருக்கும் அவ்வளவு ரசிச்சுச் சொல்லுவாரு. அன்னிக்கு ஔவைக்குப் பக்கத்துல இவரு மொழிபெயர்ப்பாளரா நின்னிருந்தா, "அம்மையார் தங்கள் ஆயுதப் பராமரிப்பைப் பாராட்டுகிறார்"னு சொல்லி முடிச்சிருப்பாரு.

ரெண்டாயிரம் வருஷத்துக் கேலி புரியுது, பக்கத்துத் தெருக்காரன் கேலி புரியலை. அதுதான் எனக்கு ஆறலை. 20 வருஷமா என்னைப் பார்க்கிறவரு. அவரு வீட்டுக் கூரை ஒழுகினப்ப ஏணி பிடிச்சவன் நான். ஒருத்தனைப் பார்த்து "இனிமே வராதே"ன்னு நான் சொல்லுவேன்னு அவருக்கு எப்படித் தோணுச்சு? வார்த்தை புரியலைன்னா பரவாயில்லை. ஆளுமா?

தம்பிகிட்ட நேர்ல போய்ப் பேசிட்டேன். 500 ரூபாயைத் திருப்பி அனுப்பிட்டேன். வியாழக்கிழமை ராத்திரி மறுபடி மெஷின் முறை, வரேன்னு சொல்லியிருக்கான். வாத்தியாரே, நீங்களும் வாங்க. இதுல கேலி கிடையாது. நிஜமாவே மூட்டை தூக்க ஆள் பத்தலை.