15 எலிகளை நம்பி 200 என்று எழுதுவதற்கு முன்

களப்பணி அறிக்கைகளில் ஒரு வரி அடிக்கடி வரும்: "குறியிட்டு மறுபிடிக்கும் முறையில் கணக்கிட்டதில், இங்கே எலிகள் சுமார் 200." அடுத்த வரியிலேயே பேச்சு வேறெங்கோ போய்விடும். அந்த 200 எதை நம்பி நிற்கிறது என்று யாரும் எழுதுவதில்லை. எனக்கு இது உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது.

முறை எளிமையானது. ஒரு புல்வெளியில் இரை வைத்த பெட்டிப் பொறிகளால் ஓர் இரவில் 60 எலிகளை உயிரோடு பிடிக்கிறோம். காதில் சிறு உலோகக் குறி போட்டு, பிடித்த இடத்திலேயே விட்டுவிடுகிறோம். ஒரு வாரம் கழித்து மறுபடி பொறி வைத்தால் 50 எலிகள் விழுகின்றன, அதில் 15 குறியுள்ளவை. பிடிபட்டதில் குறியுள்ள பங்கும் புல்வெளி முழுவதிலும் குறியுள்ள பங்கும் ஒன்று என்று வைத்துக்கொண்டால் 60 × 50 ÷ 15 = 200. மறுபிடிப்பு குறைவாக இருக்கும்போது இந்தச் சூத்திரம் சற்றே மிகைப்படுத்தும். அதனால் சாப்மன் 1951-இல் தந்த திருத்தத்தைப் போடுவார்கள்: (61 × 51 ÷ 16) − 1, அதாவது 193. அதன் 95 சதவீத எல்லை ஏறக்குறைய 128 முதல் 259 வரை. இவ்வளவு அகலமான எல்லையை மறைத்து 200 என்று மட்டும் சொல்வதே முதல் தவறு.

ஆனால் அந்த எல்லையும்கூட தற்செயலால் வரும் பிழையை மட்டும்தான் காட்டும். ஒருமுறை பொறியில் மாட்டிய எலி மறுமுறை எப்படி நடந்துகொள்ளும் என்பது அதில் இல்லை.

சில எலிகளுக்குப் பொறி என்றால் தீனியும் ஒதுங்க இடமும். அவை திரும்பத் திரும்ப வரும். குறியுள்ள எலி, குறியில்லாததைவிட இரண்டு மடங்கு எளிதாக மாட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். 60-இல் 15 மாட்டியது 25 சதவீதம். அப்படியானால் குறியில்லாதவை மாட்டும் வாய்ப்பு 12.5 சதவீதம்தான். பிடிபட்ட 35 குறியில்லாத எலிகளுக்குப் பின்னால் 280 இருக்க வேண்டும். மொத்தம் 340. இனி இதைத் திருப்பிப் போடுங்கள். கையில் பிடித்துக் காதைத் துளைத்ததில் மிரண்ட எலி பொறிப்பக்கமே வராது. குறியில்லாதவை இரண்டு மடங்கு எளிதாக மாட்டினால், அந்த 35-க்குப் பின்னால் வெறும் 70. மொத்தம் 130.

களத்தில் எழுதிய எண்கள் மூன்றிலும் அதே 60, 50, 15. விடை மட்டும் 130, 200, 340. இதை முதன்முதலில் தாளில் போட்டுப் பார்த்த நாளிலிருந்து, இரண்டே இரவு பொறி வைத்த ஆய்வின் எண்ணை என்னால் அப்படியே ஏற்க முடிவதில்லை.

சரி, எலிகள் மிரண்டனவா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? இரண்டு இரவுத் தரவில் முடியாது. மறுபிடிப்பு குறைந்தது பொறிக்குப் பயந்ததாலா, அன்று எல்லா எலிகளுமே வெளியே வரத் தயங்கியதாலா என்று பிரித்துச் சொல்ல அதில் தகவலே கிடையாது. அதனால்தான் நான் குறைந்தது ஐந்து இரவாவது தொடர்ந்து வையுங்கள் என்பேன். ஒவ்வோர் எலிக்கும் தனி எண் கொடுத்து, எந்தெந்த இரவில் மாட்டியது என்று எழுதுங்கள். அப்புறம் அதே இரவில் புது எலிகள் மாட்டும் வீதத்தையும் பழையவை மாட்டும் வீதத்தையும் ஒப்பிட்டு, இரண்டும் வேறுபடும் என்று கொள்ளும் கணித மாதிரியை மற்ற கணித மாதிரிகளோடு வைத்துப் பார்க்கலாம்.

குறி விழுந்துவிடுவதைச் சமாளிப்பது இதைவிட எளிது. இரண்டு காதிலும் குறி போட்டால், ஒற்றைக் குறியோடு திரும்பும் எலிகளை வைத்தே இழப்பைக் கணக்கிடலாம். இடையில் எலிகள் சாவது குறியுள்ளவை, இல்லாதவை இரண்டிலும் ஒரே வீதத்தில் இருந்தால், முதல் நாள் எண்ணிக்கைக்கான கணக்கு கெடாது. புதிதாகப் பிறந்து வருபவையும் பக்கத்து நிலத்திலிருந்து நுழைபவையும்தான் குறியுள்ள பங்கை நீர்த்துப்போகச் செய்து, முதல் நாள் எண்ணிக்கையை ஏற்றிக் காட்டும். பொறி வைக்கும் இரவுகளை நெருக்கமாக வைக்கச் சொல்வது இதற்காகத்தான்.

எனக்கு அதிகம் பயம் தருவது எலிகளுக்குள் இயல்பாகவே உள்ள வேறுபாடு. நிறைய அலையும் ஆண் எலி பல பொறிகளைக் கடந்து போகும், வளையை விட்டு அதிகம் நகராத எலி ஒன்றைக்கூடப் பார்க்காது. முதல் இரவில் குறி வாங்கியவை பெரும்பாலும் அலைபவை, இரண்டாம் முறை மாட்டுபவையும் அவையே. மறுபிடிப்பு கூடும், விடை உண்மையைவிடக் குறைந்தே வரும். பொறிகளை நெருக்கி வைத்தால் இது கொஞ்சம் குறையும். இரண்டாம் முறை பொறிக்குப் பதிலாக, தூரத்திலிருந்து தெரியும் குறியைக் கேமராவில் பார்ப்பதும் உதவும். பொறிக்கும் கேமராவுக்கும் தப்பும் எலிகள் வேறு வேறாக இருந்தால்தான் அந்தப் பலன்.

இப்போது நான் பார்க்கும் அறிக்கைகளில் எண்ணுக்குக் கீழே இரண்டு வரி சேர்க்கச் சொல்கிறேன்: எந்த அனுமானம் உடைந்திருக்கலாம், உடைந்தால் எண் மேலே போகுமா கீழே போகுமா.