பிறந்து ஐந்து நாள்தான் ஆகிறது, அதற்குள் அறுபது பவுனா?

அந்தக் கமெண்டைப் போட்டவர் இப்போது அழித்துவிட்டார். ஆனால் பார்க்க வேண்டியவர்கள் எல்லாரும் பார்த்தாச்சு. அக்கா மகளுக்கு இரண்டாவதும் பெண் குழந்தை என்று படம் போட்டிருந்தேன். "ரெண்டும் பொண்ணா, இப்பவே அறுபது பவுனுக்கு ஓட ஆரம்பிக்கச் சொல்லுங்க மாப்ள" என்று எழுதியிருந்தார். கூடவே சிரிப்புப் பொம்மை. பிள்ளை பெற்று ஐந்து நாளான ஒருத்தி, படுக்கையில் கிடந்து அதை வாசித்திருக்கிறாள்.

"விளையாட்டுக்குச் சொன்னதை இப்படிப் பெருசாக்கலாமா" என்று நேற்றிலிருந்து மூன்று பேர் உள்பெட்டியில் கேட்டுவிட்டார்கள். பையன் பிறந்தால் இந்த விளையாட்டு யாருக்கும் வருவதில்லையே, ஏன்? பெண் என்றதும் பவுன் ஞாபகத்துக்கு வருகிறது. அதுதான் என் கோபம்.

எங்கள் ஊர் ஆலங்குளம் பக்கம். அக்கா எட்டாம் வகுப்போடு நின்று பீடி சுற்ற உட்கார்ந்தாள். மடியில் சுளகு, சுளகில் நனைத்த இலை, தூள், நூல். தகட்டை வைத்து இலையை வெட்டி, தூளைப் போட்டு உருட்டி, நுனியை மடக்கி, நூல் சுற்றி, இருபத்தைந்து இருபத்தைந்தாகக் கட்ட வேண்டும். நாற்பது கட்டு சேர்ந்தால்தான் ஆயிரம். கம்பெனியில் கொடுத்த இலை காணாவிட்டால் கைக்காசு போட்டு வாங்கணும், பீடி சரியில்லை என்று கழித்தால் அந்தக் கூலியும் போச்சு. பத்து வருஷம் அப்படிச் சுற்றினாள். அந்தக் கூலியில் ஒரு பைசா அவள் கைச்செலவுக்கு நின்றதில்லை, எல்லாம் நகைச்சீட்டுக்குப் போனது. பதினோரு மாசம் கட்டினால் ஒரு கம்மல், அடுத்த பதினோரு மாசம் ஒரு சங்கிலி. 2001இல் அவளுக்குப் போட்ட இருபது பவுனில் பதினோரு பவுன் அவள் விரலில் சுற்றியது. அதே பத்து வருஷத்தில் எனக்கு டவுன் பள்ளிக்கூடம், அப்புறம் காலேஜ். என்னை யாரும் ஒரு கட்டு சுற்றச் சொன்னதில்லை.

"நாங்க எதுவுமே கேக்கல, அவுகளாப் போட்டாங்க" என்பார்கள். இதைக் கேட்டால்தான் எனக்கு அதிகமாக எரியும். அக்கா நிச்சயத்தன்று அவர்களும் பவுன் இவ்வளவு என்று வாய்விட்டுக் கேட்கவில்லை. நெக்லஸைக் கையில் வாங்கி, "இது கல்லு நீக்கின எடையா, கல்லோடயா?" என்று மட்டும் கேட்டார்கள். அப்பா முகம் செத்துப்போனது. உள்ளே போய் அம்மாவின் இரண்டு வளையலைக் கழற்றிக் கொண்டுவந்து வைத்தார்.

பிரியமாகக் கொடுப்பதைச் சட்டமே தடுக்கவில்லையே என்று ஒரு வக்கீல் நண்பர் சொல்கிறார். சரி. 1961ஆம் வருஷத்து வரதட்சணைத் தடைச் சட்டம் கேட்டு வாங்காத அன்பளிப்பை விட்டுவிடுகிறது. ஆனால் அதற்குப் பட்டியல் எழுதச் சொல்கிறது. பெண்ணுக்கு என்ன கொடுத்தார்கள், யார் கொடுத்தார்கள், மதிப்பு என்ன என்று எழுதிப் பெண்ணும் மாப்பிள்ளையும் கையெழுத்துப் போட வேண்டும். 1985இல் விதியே வந்துவிட்டது. ஐம்பது ரூபாய் மொய்யை ஊர் பேர், இனிஷியலோடு நோட்டில் எழுதுகிறோம். இந்தப் பட்டியலை எழுதிய ஒரு வீட்டை நான் பார்த்ததில்லை. எழுதினால் அது அவள் சொத்து என்று ஆகிவிடுமே! வரதட்சணையாக யார் வாங்கினாலும் அது பெண்ணுக்குத்தான் போய்ச் சேர வேண்டும் என்று அதே சட்டத்தில் இருக்கிறது. அக்காவின் இருபது பவுனும் அத்தான் வேன் வாங்க அடகுக்குப் போயின. தாலிச்செயின் மட்டும் திரும்பி வந்தது.

பெண்ணுக்கு நகை என்பது அவள் பங்குதானே என்று கேட்பவர்களுக்கு மட்டும் நான் தலை குனிந்துதான் பதில் சொல்லணும். அப்பா உயில் எழுதாமல் இறந்தார். அவர் சம்பாதித்துக் கட்டிய வீட்டில் அம்மாவுக்கும் எங்கள் இரண்டு பேருக்கும் சமபங்கு, 1956இலிருந்தே சட்டம் அதுதான். ஆனாலும் சார்பதிவாளர் ஆபீஸில் அக்கா எனக்கு விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்தாள். என் பங்குக்கு ஈடாக நகையும் சீரும் முன்பே பெற்றுக்கொண்டேன் என்று அதில் இருந்தது. அவள் பீடி சுற்றிச் சேர்த்த பதினோரு பவுனும் அந்த 'பெற்றுக்கொண்டதில்' சேர்த்தி. பெருவிரலில் மை வைத்தபோது என்னைப் பார்த்துச் சிரித்தாள். நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. அந்த வீட்டில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன்.

வசதி இருப்பவர்கள் போடுகிறார்கள், உனக்கென்ன என்று ஒருவர் கேட்டிருந்தார். அவருக்குப் பதில் சொல்ல எனக்குத் தெம்பில்லை.

நேற்று ராத்திரி அக்கா போன் பண்ணினாள். கமெண்டைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. பிள்ளை நன்றாகப் பால் குடிக்கிறாள், அம்மை மாதிரியே மூக்கு என்றாள். அப்புறம் கொஞ்சம் குரலைத் தாழ்த்தி, "ஏல தம்பி, ரெண்டும் பொட்டப்புள்ளயாப் போச்சுல்லா, மாசம் ஆயிரம் கட்டுத மாதிரி ஒரு சீட்டு டவுன்ல எந்தக் கடையில நல்லாருக்குன்னு விசாரிச்சுச் சொல்லுதியா?" என்று கேட்டாள்.