அண்ணன் தம்பி சலுகை என்ற அந்த ஒரு வரி

அக்கா நீட் வகுப்பிலும் தம்பி ஜேஇஇ வகுப்பிலும் ஒரே கோச்சிங் சென்டரில் சேர்ந்தார்கள். இரண்டாவது பிள்ளைக்கு 10 சதவீதம் குறைப்போம் என்றார்கள், எங்களுக்கும் அது பெரிய உதவியாகத்தான் பட்டது. செப்டம்பர் கடைசியில் மகள், "அம்மா, எனக்கு டாக்டர் படிப்பு வேண்டாம், சட்டம் படிக்கிறேன்" என்று உறுதியாகச் சொல்லிவிட்டாள். அவளை நிறுத்தினோம். கட்டிய பணத்தில் மீதியைக் கேட்கப் போனபோதுதான் அந்தச் சலுகையின் மறுபக்கம் தெரிந்தது. பிள்ளைகளை இப்படிச் சேர்க்கப் போகிறவர்களுக்காகக் கணக்கை அப்படியே எழுதுகிறேன்.

மகளுக்கு ஜூன் முதல் மார்ச் வரை 10 மாதத்துக்குக் கட்டணம் 1,00,000 ரூபாய். 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்து 1,18,000. ஜூனில் பாதி, செப்டம்பரில் 30 சதவீதம், டிசம்பரில் மீதி 20 என்று மூன்று தவணை. தவணை என்றதும் படிக்கப் படிக்கக் கட்டுகிறோம் என்று நினைத்துக்கொள்கிறோம். ஆனால் நாலு மாதப் பாடம் முடியும்போது எங்களிடமிருந்து 80 சதவீதம், அதாவது 94,400 ரூபாய் போயிருந்தது. நடுவில் நிற்கும்போது பணம் யார் கையில் இருக்கிறதோ அவர்கள் சொல்வதுதான் கணக்கு. அதனால் தவணைத் தேதிகளைப் பாட மாதங்களோடு ஒப்பிட்டுப் பார்ப்பதைச் சேரும் அன்றே செய்திருக்க வேண்டும். நான் செய்யவில்லை.

மேலாளர் தாளில் எழுதிக் காட்டினார். "ஜிஎஸ்டி அரசாங்கத்துக்குப் போயிடுச்சு மேடம், அது வராது." ஆக, கையில் இருப்பது 80,000. நாலு மாதக் கட்டணம் 40,000, பதிவுக் கட்டணம் 10,000, புத்தகம் 8,000. அடுத்து, அக்கா நின்றுவிட்டதால் தம்பிக்குச் சலுகை கிடையாது என்று முழு ஆண்டுச் சலுகை 10,000, அதற்கு ஜிஎஸ்டி 1,800. எல்லாம் கழித்து 10,200 ரூபாய் தருவதாகச் சொன்னார்.

வீட்டுக்கு வந்து இன்வாய்ஸை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஒரு லட்சம் மூன்றாகப் பிரிக்கப்பட்டிருந்தது: பதிவு 10,000, புத்தகம் 8,000, பயிற்சி 82,000. பதிவையும் புத்தகத்தையும் முழுசாகப் பிடித்துக்கொண்டால், நாலு மாதத்துக்கான பங்கை 82,000-க்குத்தானே போட வேண்டும்? அது 32,800. அவர் போட்டது ஒரு லட்சத்துக்கு. பதிவிலும் புத்தகத்திலும் ஒரு பகுதியை இரண்டாவது தடவையும் கழித்துவிட்டார். 7,200 ரூபாய் அங்கேயே போனது. கையில் வெறும் ரசீது மட்டும் இருந்திருந்தால் இது எனக்குத் தெரிந்தே இருக்காது. ரசீதில் "பெற்றுக்கொண்டோம்" என்று ஒரு தொகை மட்டும்தான் இருக்கும். பிரித்துப் போட்ட இன்வாய்ஸைக் கேட்டு வாங்குங்கள். அதில் ஜிஎஸ்டி எண் இருக்க வேண்டும், தமிழ்நாட்டில் அது 33 என்று தொடங்கும். ஜிஎஸ்டியில் பதிவே செய்யாத சின்ன டியூஷன் சென்டர் ஜிஎஸ்டி என்று ஒரு பைசாகூட வாங்கக் கூடாது.

ஜிஎஸ்டி திரும்ப வராது என்பதும் சரியில்லை. கட்டணம் குறைந்தால் சென்டர் நமக்கு, இன்வாய்ஸில் இவ்வளவு குறைத்துவிட்டோம் என்று காட்டும் கிரெடிட் நோட் ஒன்றைப் போட்டு, அந்த வரியைத் தன் கணக்கில் சரிக்கட்டிக்கொள்ளலாம். அதற்கு அந்த நிதியாண்டு முடிந்து வரும் நவம்பர் 30 வரை நேரம் இருக்கிறது. நாங்கள் செப்டம்பரில் கேட்டோம், ஆண்டே முடியவில்லை. இதைச் சொன்னதும் அவர்களுடைய கணக்காளர் மறுபேச்சு பேசவில்லை, "ஆமா, போடலாம்" என்றார்.

எனக்கு மனசு ஆறாதது சலுகை விஷயத்தில்தான். ஜூன் முதல் செப்டம்பர் வரை இரண்டு பிள்ளைகளும் அங்கேதான் படித்தார்கள். அந்த நாலு மாதச் சலுகைக்கு நாங்கள் முழுத் தகுதி உள்ளவர்கள். அக்டோபரிலிருந்து ஒருவன்தான் என்றால், மீதி ஆறு மாதத்துக்குச் சலுகையை நிறுத்தட்டும், அது அவர்கள் உரிமை என்றே வைத்துக்கொள்வோம். முடிந்துபோன மாதங்களுக்குப் பின்தேதியிட்டு வசூலிப்பது எந்த நியாயம்? சேர்க்கைப் படிவத்தில் ஒருவர் நின்றால் என்ன ஆகும் என்று ஒரு வார்த்தை இல்லை. எழுதாததை அவர்கள் தங்களுக்குச் சாதகமாக நிரப்பிக்கொண்டார்கள். இதில் இன்னொரு வேதனை, மகன் தினமும் அதே கட்டடத்துக்குப் போகிறான். "தம்பி இங்கதானே படிக்கிறான், எதுக்கு மேடம் பிரச்சினை" என்று மேலாளர் சொன்னதை அக்கறையாகத்தான் எடுத்துக்கொள்ளச் சொன்னார். எனக்கு அது அப்படிக் கேட்கவில்லை. இரண்டு பிள்ளைகளை ஒரே கணக்கில் முடிச்சுப் போட்டுவிட்டால், ஒரு பிள்ளைக்காகப் பேச இன்னொரு பிள்ளையை நினைத்துப் பயப்பட வேண்டியிருக்கிறது.

சரி, நான் போட்ட கணக்கு இது. பதிவு, புத்தகம், நாலு மாதப் பயிற்சி மூன்றும் சேர்த்து 50,800. ஜிஎஸ்டியோடு 59,944. நாங்கள் கட்டிய 94,400-இல் கழித்தால் 34,456. அதில் தம்பியின் மீதி ஆறு மாதச் சலுகை 6,000-மும் அதன் வரி 1,080-ம் போக, 27,376 வர வேண்டும். பதிவுக் கட்டணத்தை விட்டுக்கொடுத்ததில் எனக்கு இன்னும் திருப்தி இல்லை. ஆனால் பேச்சு ஓர் இடத்தில் நிற்க வேண்டும் என்று விட்டேன்.

இதை மின்னஞ்சலில் அனுப்பினேன். நின்ற தேதி செப்டம்பர் 30 என்று முதல் வரியிலேயே எழுதினேன். அடையாள அட்டையைத் திருப்பிக் கொடுத்ததற்கு அன்றே கையெழுத்து வாங்கியிருந்தேன். அது இல்லையென்றால் "எங்க சிஸ்டத்துல நவம்பர்லதான் நின்னதா இருக்கு" என்று சொல்ல வழி இருக்கிறது. 2024 ஜனவரியில் மத்தியக் கல்வி அமைச்சகம் கோச்சிங் சென்டர்களுக்காக வெளியிட்ட வழிகாட்டு நெறிகளையும் இணைத்தேன். முழுக் கட்டணமும் கட்டிய மாணவர் நடுவில் நின்றால், மீதிக் காலத்துக்கான பணத்தை விகிதப்படி 10 நாளில் திருப்பித் தர வேண்டும் என்கிறது அது. விடுதியில் இருந்தால் விடுதி, உணவுக் கட்டணத்துக்கும் அப்படியே. மேலாளர், "அது சட்டம் இல்ல மேடம், மாநிலங்களுக்கு அனுப்பினதுதான்" என்றார். அது உண்மைதான். ஆனால் எது நியாயமான கணக்கு என்று கேட்டால் காட்ட அதைவிட நல்ல தாள் இல்லை. பயிற்சி மையத்தின் சேவைக் குறைபாட்டுக்கு நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். 5 லட்சம் வரை மாவட்ட ஆணையத்தில் புகார்க் கட்டணம் இல்லை. அதற்கு முன்பு 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதியலாம். புகார் பதியப் போகிறேன் என்று எழுதிய மூன்றாம் நாள் அழைப்பு வந்தது. 27,376 ரூபாய் அக்டோபர் மூன்றாவது வாரம் கணக்கில் விழுந்தது.

ஒன்று சொல்ல மறந்தேன். பக்கத்து வீட்டில் "வட்டியில்லாத் தவணை" என்று கட்டியிருந்தார்கள். அது சென்டருக்குத் தரும் தவணை இல்லை, நிதி நிறுவனம் கொடுத்த கடன். பிள்ளை நின்ற பிறகும் மாதாமாதம் வங்கியில் பிடித்தார்கள். கோபத்தில் கணக்கைக் காலி செய்து வைத்தால் சிபில் மதிப்பெண்தான் அடி வாங்கும். சென்டர் அந்தக் கடனை அடைத்து, கடன் முடிந்தது என்ற கடிதம் நம் கைக்கு வரும் வரை அது நம் பெயரில்தான் இருக்கிறது. கையெழுத்துப் போடும் தாளின் மேலே யார் பெயர் அச்சாகியிருக்கிறது என்று பாருங்கள்.

மகனுக்கு அடுத்த ஆண்டுக்கான படிவம் போன வாரம் வந்தது. பின்பக்கத்தில், "நடுவில் நின்றால் நடந்த மாதங்களுக்கு மட்டும் பயிற்சிக் கட்டணம் பிடிக்கப்படும், மீதி ஜிஎஸ்டியுடன் 10 நாளில் தரப்படும்" என்று பேனாவால் எழுதிக் கொடுத்தேன். மேலாளர் கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் கையெழுத்துப் போட்டு முத்திரை வைத்தார்.