முன்கதையிலேயே கதையைச் சொல்லித் தொலைக்காதீர்கள்

கொலை மர்மத் தொடர். எட்டாவது எபிசோடு. ஆரம்பத்தில் ஐம்பது நொடிக்கு முன்கதை ஓடுகிறது. அதில் மூன்றாவது துண்டாக வருகிறார் ஒரு மருந்துக்கடைக்காரர். இரண்டாம் எபிசோடில் போலீஸ்காரரிடம் பழைய பில் ஒன்றை எடுத்துக் கொடுத்துவிட்டுப் போனவர். அதோடு சரி, நடுவில் ஐந்து எபிசோடுகளாக ஆளையே காணோம். இப்போது எதற்கய்யா அவரைக் கூட்டிவந்து என் முன்னால் நிறுத்துகிறீர்கள்? எபிசோடு தொடங்கவே இல்லை, கொலை செய்தது யார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. மீதி நாற்பத்தைந்து நிமிடமும் போலீஸ்காரர் எப்போதுதான் கண்டுபிடிப்பார் என்று கொட்டாவி விட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

இது ஒரு தொடரின் கோளாறு என்றால் விட்டுவிடலாம். முன்கதை தயாராகும் விதமே இப்படித்தான். போன வாரம் என்ன நடந்தது என்று யோசித்து யாரும் அதை வெட்டுவதில்லை. இந்த வார எபிசோடு கையில் இருக்கும். அதை வைத்துக்கொண்டு, இதைப் புரிந்துகொள்ள பார்வையாளருக்கு எதெல்லாம் ஞாபகம் இருக்க வேண்டும் என்று பின்னாலிருந்து முன்னால் போவார்கள். இந்தக் காட்சி வேண்டும், அந்த வசனம் வேண்டும் என்று சில தொடர்களில் எழுத்தாளர் குழுவே குறித்துக் கொடுக்கும், சிலவற்றில் எடிட்டிங் அறையிலேயே முடிந்துவிடும். எப்படியானாலும் கேள்வி ஒன்றுதான்: இன்றைக்கு எது தேவை? அப்படிப் பொறுக்கியெடுத்த துண்டுகளை வரிசையாக ஓட்டினால், இன்றைய கதையின் உள்ளடக்கப் பட்டியலை முதல் நிமிடத்திலேயே வாசித்துக் காட்டியதாகத்தானே ஆகும்?

எல்லாத் துண்டும் ஒரே அளவுக்குப் போட்டுக்கொடுக்காது. போன எபிசோடின் கடைசிச் சண்டையைக் காட்டினால் ஒரு பாதகமும் இல்லை, அது எப்படியும் தொடரும் என்று தெரியும். எவ்வளவு பழைய காட்சியோ அவ்வளவு ஆபத்து. எவ்வளவு சின்னப் பாத்திரமோ அதைவிட ஆபத்து. நாயகியின் பழைய காட்சிக்கு நூறு காரணம் இருக்கலாம். மருந்துக்கடைக்காரருக்கு ஒரே காரணம்தான் இருக்க முடியும்.

இந்த விஷயத்தை நன்றாகத் தெரிந்துவைத்துக்கொண்டு நம்மையே ஏமாற்றியவர்களும் உண்டு. ‘கேம் ஆஃப் த்ரோன்ஸ்’ பார்க்காதவர்கள் இந்தப் பத்தியையும் அடுத்த பத்தியையும் தாண்டிவிடுங்கள், நானே அந்தப் பாவத்தைச் செய்ய விரும்பவில்லை. 2011இல் முதல் சீசனில் ஜான் ஸ்னோவின் சித்தப்பா பெஞ்சன் ஸ்டார்க், பெருஞ்சுவருக்கு அப்பால் போகிறார். திரும்பவில்லை. நான்கு வருடம் ஆளும் இல்லை, பிணமும் இல்லை. 2015இல் ஐந்தாம் சீசனின் கடைசி எபிசோடு. முன்கதையில் திடீரென்று பெஞ்சன்! பார்த்தவர்களுக்கெல்லாம் சந்தேகமே இல்லை, சித்தப்பா இன்றைக்கு வந்தே தீருவார். எபிசோடின் முடிவில் சிறுவன் ஆலி ஓடிவந்து, உங்கள் சித்தப்பா உயிரோடு இருக்கிறாராம், இடம் தெரிந்த ஒருவன் வந்திருக்கிறான் என்கிறான். ஜான் வெளியே ஓடுகிறான். அங்கே நிற்பது சித்தப்பா இல்லை, ‘துரோகி’ என்று எழுதிய ஒரு பலகை. சுற்றி நின்றவர்கள் ஒவ்வொருவராகக் கத்தியை இறக்குகிறார்கள்.

அந்த முன்கதை செய்த வேலையைக் கவனியுங்கள். பெஞ்சன் யார் என்பதை மறந்தவருக்கு ஞாபகப்படுத்தியாயிற்று, இல்லாவிட்டால் ஜான் ஏன் ஓடுகிறான் என்றே புரியாது. அதே நேரத்தில், முன்கதையை வைத்துக் கணக்குப்போடும் என்னைப் போன்ற ஆட்களை ஜானோடு சேர்த்து அதே பொறியில் தள்ளியாயிற்று. தேவையான தகவலைக் கொடுத்தார்கள், அதை எதற்குக் கொடுக்கிறோம் என்பதை மட்டும் மறைத்தார்கள். பெஞ்சன் நிஜமாகவே வந்தது அடுத்த சீசனில், 2016இல். இதே தொடர்தான் 2019இல், கடைசிக்கு முந்தைய எபிசோடில், டெனேரிஸின் முகத்தைக் காட்டி அதன்மேல் பழைய சீசன்களின் குரல்களை ஒன்றன்பின் ஒன்றாக ஓடவிட்டது. இந்தப் பெண் இன்றைக்கு என்னவோ செய்யப்போகிறாள் என்று முரசறைந்துவிட்டு, அப்புறம் ஊரை எரிக்க வைத்தார்கள். அவள் மனம் திரிவதைக் கதைக்குள் நிதானமாகக் காட்டியிருக்க வேண்டும். அதற்கு நேரம் ஒதுக்காமல் முன்கதையின் தலையில் கட்டிவிட்டார்கள் என்பது என் கோபம். இன்னமும் ஆறவில்லை.

ஒரே மூச்சில் எபிசோடு எபிசோடாகப் பார்க்கும் காலம் வந்தபிறகு நிலைமை இன்னும் மோசம். வாரம் ஒன்று என்று வந்தபோது, போன வாரக் காட்சி, போன மாதக் காட்சி எல்லாமே கொஞ்சம் மங்கியிருக்கும். நடுவில் ஒரு பழைய துண்டு வந்தாலும் அவ்வளவாக உறுத்தாது. இப்போது முந்தைய எபிசோடு முடிந்து பத்து நொடிகூட ஆகவில்லை. முன்கதையில் வருவதில் முக்கால்வாசி, கண்ணெதிரே சற்றுமுன் நடந்தது. அதனால் அந்த ஒற்றைப் பழைய காட்சி மட்டும் தனியாகத் துருத்திக்கொண்டு நிற்கிறது. ஞாபகப்படுத்த அவசியமே இல்லாதவனுக்குத்தான் மிகத் தெளிவாகக் காட்டிக்கொடுக்கிறது.

வழியே இல்லையா என்றால், இருக்கிறது. அந்த மருந்துக்கடைக்காரரையே எடுத்துக்கொள்ளுங்கள். எட்டாவது எபிசோடில் அவர் தேவை என்பது எழுதும்போதே தெரியும்தானே? ஐந்தாவது எபிசோடில் போலீஸ்காரர் தலைவலி மாத்திரை வாங்க அந்தக் கடைக்குப் போகட்டும். பத்து நொடி. ஆள் மனசில் நின்றுவிடுவார், எட்டாவதில் முன்கதையே வேண்டாம். அது முடியவில்லையா, அவர் முகத்தைக் காட்டாமல் அந்த பில்லை மட்டும் காட்டுங்கள். இல்லையென்றால் போலீஸ்காரர் அன்று விசாரித்த நான்கு பேரையும் சேர்த்துக் காட்டுங்கள், அதில் மூன்று பேர் சும்மா வந்தவர்களாக இருக்கட்டும். எனக்குத் தேவைப்பட்ட ஞாபகம் வந்துவிடும், யாரைப் பிடிப்பது என்று மட்டும் தெரியாது. ஐம்பது நொடி முன்கதையில் இதற்குக் கூடுதலாக ஆறேழு நொடி ஆகுமா? அதற்குக்கூடவா பஞ்சம்?

நம் வாரப் பத்திரிகைத் தொடர்கதைகளில் முன்கதைச் சுருக்கம் என்று ஒன்று போடுவார்களே, அதில் இந்த வம்பு கிடையாது. ஆரம்பத்திலிருந்து போன வாரம் வரை நடந்ததைச் சொல்லிக்கொண்டு வந்து நிறுத்தும். இந்த வார அத்தியாயத்தில் யார் வருகிறார் என்பதைப் பற்றி அதற்குக் கவலையே இல்லை. கொஞ்சம் நீளமாக, சலிப்பாக இருக்கும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் காட்டிக்கொடுக்காது.

“பிடிக்கலைன்னா ஸ்கிப் பண்ணிட்டுப் போயேன்” என்று வீட்டில் தினமும் அறிவுரை. பண்ணலாம். இரண்டு சங்கடம். ஒன்று, சீசனுக்கும் சீசனுக்கும் நடுவில் இரண்டு வருடம் இடைவெளி விட்டுவிட்டு, தாண்டிப் போனால் யார் யாருக்கு அண்ணன் என்பதே எனக்குத் தெரியாது. இன்னொன்று அந்த பட்டன். முன்கதை ஓட ஆரம்பித்து ஓரிரு நொடி கழித்துத்தான் அது திரையில் வருகிறது. ரிமோட்டைத் தேடி எடுத்து அழுத்துவதற்குள் இன்னும் இரண்டு துண்டு ஓடிவிடும். எனவே எடிட்டர் ஐயா, எந்த யோசனையையும் கேட்காவிட்டால் போகிறது. அந்த மருந்துக்கடைக்காரரைக் கடைசித் துண்டாகவாவது வையுங்கள், நான் ரிமோட்டைத் தேடி எடுத்துவிடுகிறேன்.